சரக்கு ஏற்றும் பக்கி வண்டி புக் பண்ணி ஐந்து மாசம், இப்போ 18,600 ராண்ட் கூடக் கேட்கிறார்கள். பழைய விலைக்கே தரச்சொல்லி கடிதம் எழுதணும்

மார்க்கெட்_ராஜு (சாட்ஸ்வொர்த்) · திங்கள், இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் கிளேர்வுட் மார்க்கெட்டில் விடியற்காலை காய்கறி எடுத்து இங்கே ஏழெட்டு கடைக்குப் போடுவதுதான் என் தொழில். பழைய பக்கியின் கியர்பாக்ஸ் போய்விட்டதால் புதுசு எடுக்கலாம் என்று பிப்ரவரி 12-ஆம் தேதி ஒரு டீலரிடம் புக் பண்ணினேன். ஆஃபர் டு பர்சேஸ் ஃபாரத்தில் விலை 389,900 ராண்ட், வாட் சேர்த்து. டெபாசிட் 20,000 அன்றைக்கே கட்டி ரசீதும் வாங்கினேன். டெலிவரி ஏப்ரல் 30 என்று எழுதியிருக்கிறார்கள்.

மே போச்சு, ஜூன் போச்சு. போன் பண்ணும்போதெல்லாம் "கப்பல்ல இருக்கு சார்". போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டு வண்டி வந்துவிட்டது என்றார்கள். சந்தோஷமாகப் போனால் விலை 408,500 ஆகிவிட்டதாம். கம்பெனி விலை ஏற்றிவிட்டது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை, வேண்டாம் என்றால் டெபாசிட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் மேனேஜர். இந்த மூன்று மாசமாக வாரத்தில் மூன்று நாள் ஒரு நாளைக்கு 650 கொடுத்து வாடகை பக்கி ஓட்டுகிறேன்.

பழைய விலைக்கே தர வேண்டும் என்று கடிதம் எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும்? தமிழில் சொன்னால் மகள் இங்கிலீஷில் டைப் பண்ணிவிடுவாள்.

பீனிக்ஸ்_லோகா · திங்கள், இரவு 9:15

ராஜு அண்ணா, பயப்படாதீங்க. தென்னாப்பிரிக்காவோட 2008-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. அஞ்சு வேலை நாளுக்குள்ள எந்த ஒப்பந்தத்தையும் ரத்து பண்ணலாம். அதோட ஃபாரத்தின் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்து எதுவும் செல்லாது, அதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கியிருக்கணும். இதை எழுதுங்க, ஓடி வருவாங்க.

கோவை_கார்த்தி (ஜோஹானஸ்பர்க்) · திங்கள், இரவு 9:50

எங்க அப்பா கோயம்புத்தூரில் ஒரு கார் புக் பண்ணி இதே கதைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டோம், ஒரு வருஷம் ஆச்சு, ஆனால் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வக்கீல் கூட வைக்கலை. நீங்களும் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுங்க.

செல்வி_பைன்டவுன் · திங்கள், இரவு 10:30

கார்த்தி, அது இந்தியச் சட்டம். அந்த மாதிரி மாவட்ட ஆணையம் இங்கே கிடையாது. லோகா சொன்னதில் பாதி சரி. ஐந்து வேலை நாள் ரத்து என்பது டீலர் நம்மைத் தேடி வந்து, போனிலோ வாசலிலோ விற்றால்தான். ராஜு அண்ணன் தானே ஷோரூமுக்குப் போயிருக்கிறார், அது ஒத்துவராது. அதுவும் போக, அவருக்கு ரத்து வேண்டாம், வண்டி வேண்டும். வாசித்துக் காட்ட வேண்டும் என்று இல்லை, கண்ணில் படும்படி கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் விதி, அதுவும் டீலர் தன் பொறுப்பைக் கழற்றிவிடும் மாதிரி ஷரத்துகளுக்கு. விலை ஏற்றும் ஷரத்தை வேறு கோணத்தில்தான் பார்க்க வேண்டும்.

நான் ஒரு அட்டர்னி ஆபீஸில் பதினான்கு வருஷம் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை, ஆனால் இந்த மாதிரி கடிதங்கள் என் கையால் நிறையப் போயிருக்கின்றன. அண்ணா, கடிதம் எழுதுவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில், ஃபாரத்தின் கீழே டீலர் சார்பில் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் கட்டம் இருக்கும். அதில் கையெழுத்து இருக்கிறதா? ஆஃபர் டு பர்சேஸ் என்பது நீங்கள் வாங்குகிறேன் என்று சொல்லும் காகிதம். அவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம். சேல்ஸ்மேன் கையெழுத்தை நம்பிப் பலரும் இந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, பின்பக்கத்தில் விலை பற்றி என்ன எழுதியிருக்கிறது? வார்த்தைக்கு வார்த்தை வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கம்பெனி விலையை எந்தத் தேதியில் ஏற்றியது? ஏப்ரல் 30-க்கு முன்னாலா, பின்னாலா?

மார்க்கெட்_ராஜு · செவ்வாய், மாலை 6:05

இன்றைக்கு எல்லாவற்றையும் டேபிளில் விரித்துப் பார்த்தேன். செல்வி தங்கச்சி சொன்ன கட்டம் காலியாக இருக்கிறது! என் கையெழுத்தும் சேல்ஸ்மேன் கையெழுத்தும்தான். வயிறு கலங்கிவிட்டது.

பின்பக்கம் ஏழாவது ஷரத்து: "விலை, டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலைப்பட்டியலுக்கு உட்பட்டது." அவ்வளவுதான். ரத்து பண்ணலாம் என்றெல்லாம் இல்லை. முன்பக்கம் டெலிவரி தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக "உத்தேசம்" என்று பிரிண்ட் ஆகியிருக்கிறது, அதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஆனால் சேல்ஸ்மேன் பிப்ரவரி 14 வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருக்கிறது: "மேனேஜர் ஓகே பண்ணிட்டார், ஆர்டர் போட்டாச்சு, ஏப்ரல் கடைசிக்குள்ள வண்டி உங்க கையில, இந்த விலை உங்களுக்கு லாக்." வண்டியின் கலர், ஃபாரத்தின் நம்பர் எல்லாம் அதிலேயே இருக்கிறது. விலை ஏறிய தேதியை எங்கே பார்ப்பது?

டோங்காட்_தாத்தா · செவ்வாய், இரவு 7:20

தம்பி, நான் 1987-ல ஒரு டிராக்டர் புக் பண்ணினேன், கரும்பு ஏத்த. எட்டு மாசம் இழுத்தான். நான் டெபாசிட்டைத் திருப்பி வாங்கிக்கிட்டு வேற இடத்துல வாங்கினேன், 2,000 ராண்ட் கூடத்தான் ஆச்சு. அப்புறம் அந்த 2,000-க்கு கேஸ் போடலாமான்னு வக்கீல்கிட்ட போனேன். "பணத்தைத் திருப்பி வாங்கினப்ப என்ன காகிதத்துல கையெழுத்துப் போட்டீங்க?"ன்னு கேட்டார். முழுக் கணக்கும் தீர்ந்ததுன்னு போட்டிருந்தேன். அதோட முடிஞ்சது. டெபாசிட்டை மட்டும் தொடாதே.

செல்வி_பைன்டவுன் · செவ்வாய், இரவு 9:10

தாத்தா சொன்னதை முதலில் மனதில் வையுங்கள் அண்ணா. மேனேஜர் டெபாசிட்டை வாங்கிக்கொள் என்பது உதவி மாதிரி தெரியும். அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. உங்கள் கணக்கில் அவர்களாகவே போட்டுவிட்டாலும் அன்றைக்கே எழுதுங்கள்: இதை ரத்தாக நான் ஏற்கவில்லை, வண்டி விலைக்காகத் திருப்பிச் செலுத்தத் தயார் என்று.

காலிக் கட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் பிரதியில் காலியாக இருந்தாலும் அவர்கள் ஃபைலில் உள்ளதில் மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அந்தப் பிரதியை எழுத்தில் கேளுங்கள். அதிலும் இல்லை என்றால், டெபாசிட்டை வாங்கினார்கள், ஆர்டர் போட்டார்கள், மேனேஜர் ஓகே பண்ணினார் என்று செய்தி அனுப்பினார்கள், ஐந்து மாசம் பணத்தை வைத்திருந்தார்கள். நடத்தையாலும் ஒப்புதல் வரும். எங்கள் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று ஃபாரத்தில் எழுதியிருந்தால் மட்டும் வாதம் கொஞ்சம் கடினம்.

இப்போது ஏழாவது ஷரத்து. சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் 44-ஆம் விதி, நியாயமற்றது என்று சந்தேகிக்கத்தக்க ஷரத்துகளைப் பட்டியல் போடுகிறது. ரத்து செய்யும் உரிமை தராமல் விலையை மட்டும் ஏற்றும் ஷரத்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் தொழிலுக்காக இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்குத்தான், நீங்கள் தொழிலுக்கு எடுப்பதால் உங்களுக்கு நேராகப் பொருந்தாது. பொருந்தினாலும் உண்மையைச் சொல்கிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த விதியை மட்டும் பிடித்தால் டீலர் "சரி, ரத்து செய்யும் உரிமை தருகிறேன், பணத்தை எடுத்துக்கொள்" என்பார். அதைத்தான் அவர் இப்போதே சொல்கிறார். பழைய விலை அந்த விதியிலிருந்து மட்டும் வராது.

பழைய விலை தாமதத்திலிருந்து வருகிறது. ஏப்ரல் 30-க்குத் தந்திருந்தால் டெலிவரி நாளில் நடப்பில் இருந்த பட்டியல் பழைய பட்டியல்தான். அவர்கள் ஷரத்தையே அவர்கள் சொன்னபடி வைத்துக்கொண்டாலும் 389,900 தான் வரும். தாமதம் அவர்களுடையது என்றால், அதனால் ஏறிய 18,600-ஐ உங்கள் தலையில் கட்ட முடியாது. அதனால்தான் விலை ஏறிய தேதியைக் கேட்டேன். ஏப்ரல் 10-ல் ஏறியிருந்தால் இந்த வாதம் நிற்காது.

ஷோரூம்_முன்னாள் · செவ்வாய், இரவு 10:45

ஒன்பது வருஷம் ஷோரூமில் இருந்தேன், இப்போது இல்லை. விலை மாறினால் டீலருக்குக் கம்பெனியிலிருந்து தேதி போட்ட புது விலைப்பட்டியல் வரும். கார் பத்திரிகைகளும் பழைய விலையை மாசா மாசம் போட்டிருக்கும், நூலகத்தில் ஏப்ரல், மே, ஜூன் இதழைப் பாருங்கள்.

இன்னொன்று. வண்டியின் சேசிஸ் நம்பரைக் கேளுங்கள், அது உங்கள் ஆர்டருக்கு எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டது, டீலருக்குக் கம்பெனி இன்வாய்ஸ் எந்தத் தேதி என்றும் கேளுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில், விலை ஏறுவதற்கு முன் வாடிக்கையாளர் பெயரில் போட்ட ஆர்டருக்குக் கம்பெனி பழைய விலையிலேயே தந்த சமயங்கள் உண்டு. அப்படியும் வாடிக்கையாளரிடம் புது விலை வாங்கினதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் வந்த வண்டியை முழுப் பணத்தோடு வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, புக் பண்ணினவருக்கு அடுத்த கப்பல் என்று சொல்வதும் நடந்தது. எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவில்லை. கேட்டால் பதில் வருவதற்குள் பேச்சு மாறும்.

பீனிக்ஸ்_லோகா · புதன், காலை 6:30

செல்வி அக்கா, நான் சொன்னது தப்புன்னு ஏத்துக்கறேன். ஆனா "உத்தேசம்"னு போட்டிருக்கே, அப்ப தாமதமே இல்லைன்னு சொல்லிட்டா?

செல்வி_பைன்டவுன் · புதன், மதியம் 1:15

நல்ல கேள்வி. அதுதான் இதில் பலவீனமான இடம். சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஒத்துக்கொண்ட தேதி இருந்தால் அந்தத் தேதியில், இல்லாவிட்டால் நியாயமான காலத்துக்குள் தர வேண்டும் என்கிறது. "உத்தேசம்" என்பதை வைத்து அவர்கள் உறுதியான தேதி இல்லை என்பார்கள். நாம் வாட்ஸ்அப்பில் "ஏப்ரல் கடைசிக்குள்ள உங்க கையில" என்று எழுதினதைக் காட்டுவோம். ஃபாரத்தில் இல்லாத பேச்சு செல்லாது என்று ஒரு ஷரத்து இருக்கும். ஆனால் சேல்ஸ்மேன் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று உங்களை ஒத்துக்கொள்ள வைக்கும் பொய்யான ஷரத்தை 51-ஆம் பிரிவு தடுக்கிறது. எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று என்னால் எழுதித் தர முடியாது.

அதனால்தான் கடிதத்தில் ஒரு தேதி கட்டாயம் வேண்டும். உறுதியான தேதி இல்லாத இடத்தில், இந்தத் தேதிக்குள் தா என்று எழுத்தில் கேட்ட பிறகுதான் சந்தேகத்துக்கு இடமில்லாத தாமதம் ஆகிறது. போனில் நூறு தடவை கேட்டதற்குச் சாட்சி இல்லை.

இன்னும் இரண்டு. கடிதத்தின் தலையில் "வித்தவுட் ப்ரெஜுடிஸ்" என்று போடாதீர்கள். வக்கீல் கடிதம் மாதிரி தெரியட்டும் என்று எல்லோரும் போடுகிறார்கள். அது சமரசப் பேச்சுக்குப் போடுவது. பின்னால் இந்தக் கடிதத்தைச் சாட்சியாக நீட்டும்போது அந்த வார்த்தையைக் காட்டியே எதிர்ப்பார்கள். அடுத்தது, கோபம், மோசடி, திருட்டு என்ற வார்த்தைகள் ஒன்றும் வேண்டாம். விலையும் தேதியும் காகிதமும் மட்டும் பேசட்டும். மாதிரி இதோ, தேதி கிடைத்ததும் நிரப்புங்கள்:

"பொருள்: ஃபாரம் எண் ___, 12 பிப்ரவரி, ஒத்துக்கொண்ட விலையில் டெலிவரி கோருதல்.

மேற்கண்ட ஃபாரத்தின்படி வாட் உட்பட 389,900 ராண்டுக்கு வாகனத்தை ஆர்டர் செய்தேன். அன்றே 20,000 ராண்ட் செலுத்தினேன், ரசீது இணைப்பு. ஆர்டர் ஏற்கப்பட்டது, விலை உறுதி, ஏப்ரல் முடிவுக்குள் டெலிவரி என்று 14 பிப்ரவரி அன்று உங்கள் விற்பனையாளர் எழுத்தில் தெரிவித்தார், பிரதி இணைப்பு.

ஜூலை ___ அன்றுதான் வாகனம் வந்ததாகச் சொன்னீர்கள். 408,500 ராண்ட் கேட்டீர்கள். விலை உயர்வு ___ தேதியில், அதாவது நீங்கள் சொன்ன டெலிவரித் தேதிக்குப் பின் வந்தது. அந்தத் தேதியில் வாகனம் தந்திருந்தால் இந்த உயர்வு எனக்குப் பொருந்தியிருக்காது.

மீதி 369,900 ராண்டைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் அந்த விலையில் வாகனத்தைத் தரவும். உங்கள் பிரதியில் உள்ள கையெழுத்துப் பக்கம், வாகனத்தின் சேசிஸ் எண், அது என் ஆர்டருக்கு ஒதுக்கப்பட்ட தேதி ஆகியவற்றையும் அனுப்பவும். ஆர்டரை நான் ரத்து செய்யவில்லை. டெபாசிட்டைத் திருப்பிப் பெற ஒப்பவில்லை. வாடகை வாகனச் செலவு பற்றிய என் உரிமையை வைத்துக்கொள்கிறேன்."

டீலர்ஷிப்பின் தலைவரான டீலர் பிரின்சிபல் பெயருக்கு ஈமெயிலிலும், கையில் கொண்டுபோயும் கொடுங்கள். உங்கள் பிரதியில் கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர் பெயர், தேதி, கையெழுத்து வாங்குங்கள்.

மார்க்கெட்_ராஜு · சனி, மாலை 4:20

ஷோரூம் அண்ணா சொன்ன மாதிரி நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகை பார்த்தேன். மே இதழில் என் மாடல் பழைய விலைதான், ஜூலையில் புது விலை. ஜூன் இதழ் யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். மேனேஜரிடமே மெதுவாகக் கேட்டேன், "ஜூன் ஒண்ணாம் தேதி" என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். உடனே "நீங்கள் சொன்னபடி ஜூன் 1 முதல் விலை உயர்வு" என்று ஈமெயில் போட்டேன். "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

கடிதம் மகள் டைப் பண்ணி நேற்று கொடுத்தாச்சு. ரிசப்ஷனில் இருந்த பெண் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அங்கேயே நின்றுகொண்டு ஈமெயிலும் அனுப்பி, கொடுத்த நேரத்தைப் பிரதியில் எழுதி, கூட வந்த மச்சானைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சரிதானே?

செல்வி_பைன்டவுன் · சனி, மாலை 5:00

ரொம்பச் சரி. அந்த "ஆமாம்" உங்கள் ஃபைலில் இருக்கும் மிக நல்ல காகிதம், பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

மார்க்கெட்_ராஜு · 11 நாள் கழித்து, இரவு 9:30

பதில் வந்தது. அவர்கள் பிரதியில் மேனேஜர் கையெழுத்து இருக்கிறது, தேதி பிப்ரவரி 13! சேசிஸ் நம்பர் அனுப்பினார்கள், ஒதுக்கிய தேதியை அனுப்பவில்லை. நல்லெண்ணத்தில் 9,000 குறைக்கிறோம், 399,500-க்கு எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வண்டி அடுத்தவருக்கு என்கிறார்கள். எனக்கு வண்டி அவசரம். வாடகையே மாசம் 8,000 தாண்டுகிறது. என்ன செய்வது?

டோங்காட்_தாத்தா · இரவு 9:55

எடுத்துக்கோ தம்பி. 9,600 போனால் போகட்டும், தொழில் நிக்கக் கூடாது. சண்டைக்கு நின்னா வாடகையே அதை முழுங்கிடும்.

செல்வி_பைன்டவுன் · இரவு 10:40

தாத்தா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, வாடகைக் கணக்கு உண்மை. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. கேட்கும் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுங்கள், ஆனால் எதிர்ப்புடன் கொடுங்கள். கட்டுவதற்கு முன்னாலேயே ஈமெயில்: "9,600 ராண்டை எதிர்ப்பின் பேரில், வாகனம் தொழிலுக்குத் தேவைப்படுவதால் மட்டும் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." டெலிவரி காகிதத்திலும் கையால் அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "முழுத் தீர்வு" என்று எந்தத் தாளையும் நீட்டினால் கையெழுத்து வேண்டாம். அந்தக் கையெழுத்து போட்டால்தான் சாவி என்றால் அப்போதுதான் முடிவு கடினம், அதை உங்கள் இடத்திலிருந்து நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

பிறகு வண்டி வியாபாரத் தகராறுகளை விசாரிக்கும் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்புட்ஸ்மனிடம் புகார் போடலாம், வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் சொல்வது கோர்ட் உத்தரவு ஆகாது, நேரமும் எடுக்கும். அல்லது ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட். 2019 ஏப்ரல் முதல் அங்கே 20,000 ராண்ட் வரை கேட்கலாம், வக்கீல் உள்ளே வர முடியாது. நீங்கள் கொடுத்த 14 நாள் கடிதமே அங்கேயும் உதவும். 9,600-ம் மே முதல் கொடுத்த வாடகையும் சேர்த்தால் 20,000 தாண்டும், மேலே உள்ளதை விட்டுவிட வேண்டும். டீலர் இருக்கும் பைன்டவுன் கோர்ட்டில் போடுங்கள். ஒன்று சொல்லுங்கள், ஃபாரம் உங்கள் பெயரிலா, கம்பெனி பெயரிலா? கம்பெனி அங்கே வழக்குப் போட முடியாது.

மார்க்கெட்_ராஜு · இரவு 11:05

என் சொந்தப் பெயரில்தான். கடைக்குத் தனிக் கம்பெனி இல்லை.

ஷோரூம்_முன்னாள் · அடுத்த நாள் காலை 7:10

பேங்க் லோன் என்றால் கவனம். பழைய அப்ரூவல் 389,900-க்குத்தானே? புதுக் கொட்டேஷன் எடுத்தால் அது ஐந்து வேலை நாள்தான் நிற்கும், வட்டியும் மாறலாம். 9,600-ஐ லோனில் ஏற்றாமல் கையிலிருந்து தனியாகக் கட்டினால் எவ்வளவு எதற்குக் கொடுத்தீர்கள் என்று தெளிவாகத் தெரியும்.

மார்க்கெட்_ராஜு · ஆறு நாள் கழித்து, மாலை 7:00

வண்டி வீட்டில். வெள்ளை பக்கி, வாசலில் மனைவி எலுமிச்சை வைத்து எடுத்தாள். 9,600-ஐத் தனியாக பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணி, குறிப்பில் எதிர்ப்பின் பேரில் என்று போட்டேன். டெலிவரி தாளில் எழுதினபோது சேல்ஸ்மேன் பேனாவைப் பிடுங்காத குறை. "முழுத் தீர்வு" தாள் நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். இருபது நிமிஷம் உட்கார வைத்தார்கள். அப்புறம் மேனேஜர் உள்ளேயிருந்து வந்து சாவியைக் கொடுத்துவிட்டார்.

பைன்டவுன் கோர்ட்டில் கிளார்க் காகிதமெல்லாம் பார்த்துவிட்டு, வாடகை ரசீதுகளில் இரண்டில் தேதி இல்லை, அதை சரிபண்ணிக்கொண்டு வரச் சொன்னார். வாடகைக்காரரிடம் நாளைக்குப் போகிறேன்.

பீனிக்ஸ்_லோகா · இரவு 8:15

அண்ணா, "உத்தேசம்" பற்றி கோர்ட்டுல வழக்கைக் கேட்கிற கமிஷனர் என்ன சொல்றார்னு கண்டிப்பா இங்க எழுதுங்க. என் மச்சினி ஒரு கார் புக் பண்ணியிருக்கா, அவ ஃபாரத்துலயும் அதே வார்த்தை இருக்கு.